கற்பனை மொழிக்கு ஒலி விதிகள் அமைத்தல்: என் தீவு மக்களின் பெயர்கள் ஒரே மொழியைச் சேர்ந்தவையாகத் தோன்றவில்லை

அலைவரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தீவுக்கூட்டம் ஒன்றில் வாழும் கடலோடி மக்களைப் பற்றிய மிகுபுனைவுத் தொடர் ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். அந்த மக்களுக்குச் சொந்த மொழி ஒன்று உண்டு. முழு இலக்கணம் எனக்குத் தேவையில்லை. ஊர்ப்பெயர், ஆள்பெயர், கப்பல், காற்று, சடங்கு ஆகியவற்றுக்கான சொற்கள் என ஏறத்தாழ 60 சொற்கள் இருந்தால் போதும்.

இதுவரை தோன்றியபடியே பெயர்களை வைத்துவந்தேன். தலைநகர் ஸ்ரெங்கால், அரசி மோவியா, மாலுமி துக்ரித், வழிகாட்டும் விண்மீன் எல்யான், நிலவு பௌஷ். ஒவ்வொரு பெயரும் தனியாகப் பார்த்தால் நன்றாகவே இருக்கிறது. ஐந்தும் ஒரே பக்கத்தில் வந்தபோது ஈசூன் நூலகத்தில் என்னோடு படிக்கும் தோழி ஒருவர், "இந்த மாலுமி எந்த நாட்டிலிருந்து வந்து அந்த அரசியிடம் வேலைக்குச் சேர்ந்தான்?" என்று கேட்டார். எழுதப்போகும் 60 சொற்களும் ஒரே வாயிலிருந்து வந்தவையாகத் தோன்ற என்ன விதிகளை, எந்த வரிசையில் வகுத்துக்கொள்ள வேண்டும்?

பழைய ஆசிரியர் எழுதியது:

விண்மீனுக்கு உடு என்றும் தாரகை என்றும், நிலவுக்கு மதி, திங்கள், அம்புலி என்றும், கப்பலுக்குக் கலம், நாவாய், வங்கம் என்றும் தமிழில் எத்தனையோ சொற்கள் இருக்கும்போது பௌஷ் என்று எழுத வேண்டிய தேவை என்ன? வழக்கொழிந்த நல்ல சொற்களை மீட்டெடுத்துப் பயன்படுத்தினால் உங்கள் தொடருக்கும் அழகு, மொழிக்கும் பயன். வேண்டுமானால் கடல் சார்ந்த சொற்களைத் தொகுத்துத் தருகிறேன்.

அலைவரி எழுதியது:

நன்றி ஐயா. கதையை எடுத்துரைக்கும் நடை தமிழ்தான். அதற்கு உங்கள் தொகுப்பைக் கட்டாயம் கேட்டு வாங்கிக்கொள்வேன். ஆனால் இந்த மக்கள் தமிழர்கள் அல்லர். அவர்கள் தங்களுக்குள் பேசும் சொற்கள் வாசகருக்குப் புரியாத, ஆனால் ஒழுங்குள்ள வேற்றுமொழியாக ஒலிக்க வேண்டும்.

நிலாமுற்றம் எழுதியது:

இதற்கு எளிய வழி எழுத்துகளைக் குறைப்பதுதான். ஹவாயி மொழியில் 8 மெய்யொலிகளும் 5 உயிரொலிகளுமே உள்ளன; மெய்யொலியில் எந்தச் சொல்லும் முடிவதில்லை, இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வருவதுமில்லை. அதனால்தான் எந்த ஹவாயிச் சொல்லைக் கேட்டாலும் ஹவாயி என்று தெரிந்துவிடுகிறது. நீங்களும் அப்படியே குறைத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே அமைந்துவிடும்.

எழுத்தாணி எழுதியது:

நிலாமுற்றம் சொல்வதில் முதல் பாதி சரி. ஒரு மொழிக்கு முகத்தைத் தருபவை அதில் இல்லாத ஒலிகள்தாம். ஆனால் குறைத்தால் மற்றவை தாமாக அமைந்துவிடா. ஒலிகளும் அசை வடிவமும் மிகவும் சுருங்கினால், வேறுபட்ட பொருள்களைப் பிரித்துக்காட்டச் சொற்கள் நீள வேண்டியிருக்கும். ஹவாயி மாநிலத்தின் மீனுக்கு ஹுமுஹுமுநுகுநுகுஆபுவாஆ என்று பெயர். தொடர்கதை வாசகர் அப்படி மூன்று பெயர்களைக் கண்டால் நான்காவதைப் படிக்காமல் தாண்டிவிடுவார்.

அலைவரிக்கு ஓர் அடிப்படைக் கேள்வி: இந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தானே அச்சிடப்போகிறீர்கள்? அப்படியானால் முதல் விதியைத் தமிழ் வாசகரின் கண் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறது. க என்ற எழுத்து சொல்லின் முதலில் வன்மையாகவும், இரண்டு உயிர்களுக்கு இடையில் மென்மையாகவும், ங்க என்று வரும்போது இன்னொரு விதமாகவும் ஒலிக்கும். த, ப ஆகியவையும் அப்படியே. ஆங்கிலத்தில் எழுதுபவர் k, g இரண்டையும் தனித்தனி ஒலிகளாக வைத்துச் சொற்களை வேறுபடுத்தலாம். நீங்கள் வைத்தால் வாசகருக்கு அந்த வேறுபாடு போய்ச்சேராது. ஆகையால் அதை எதிர்த்துப் போராடாமல், சொல்முதலில் வன்மை, இடையில் மென்மை என்பதை உங்கள் தீவு மொழியின் சட்டமாகவே ஆக்கிவிடுங்கள்.

அடுத்து எவற்றை நீக்குவது? ழ, ள, ண, ற ஆகியவற்றை நான் முதலில் நீக்குவேன். ழ ஒன்று கண்ணில் பட்டாலே வாசகர் அதைத் தமிழ்ச் சொல்லாக எடுத்துக்கொண்டு பொருள் தேடத் தொடங்குவார். ஸ, ஷ, ஜ, ஹ வந்தால் வடமொழியோ ஆங்கிலமோ என்று தோன்றும். ச எழுத்தை ஆளுக்கு ஒரு விதமாக உச்சரிப்பார்கள். சிங்கப்பூர் வாசகருக்கு இன்னொன்றும் உண்டு: ங் என்று முடியும் சொல்லைக் கண்டால் காலாங், செங்காங் என்று எம்ஆர்டி நிலையங்கள்தாம் நினைவுக்கு வரும். அதுவும் வேண்டாம்.

மிஞ்சியவற்றிலிருந்து க, த, ந, ம, ய, ர, ல, வ என்ற 8 மெய்களையும் அ, ஆ, இ, உ, ஏ என்ற 5 உயிர்களையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ப வேண்டாம். இதழ் ஒலிக்கு ம, வ இரண்டும் இருக்கின்றன. ப இல்லாத குறையே இம்மொழியின் அடையாளமாகட்டும்.

தாயக்கட்டை எழுதியது:

என் அனுபவத்தைச் சொல்கிறேன். நாங்கள் வார இறுதிகளில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு ஒன்றை நடத்துகிறோம். குழுவில் தமிழரோடு மலாய், சீன நண்பர்களும் உண்டு. நான் உருவாக்கிய அரக்கர் மொழியில் வலி என்பது ஒரு குலம், வாலி என்பது அதன் பகைக்குலம். எழுத்தில் அழகாக இருந்தது. மேசையில் யாருக்கும் வேறுபாடு கேட்கவில்லை. யார் யாரைத் தாக்குகிறார் என்பதே புரியாமல் போயிற்று. வல் என்று ல் ஒலியில் முடிந்த பெயரும் மாண்டரின் பேசி வளர்ந்த நண்பருக்கு வாயில் வரவில்லை. ஆகவே ல் முடிவையும் குறில் நெடில் வேறுபாட்டையும் விட்டுவிடுங்கள் என்பேன்.

எழுத்தாணி எழுதியது:

வாயால் ஆடும் விளையாட்டுக்கு நீங்கள் சொல்வது முற்றிலும் பொருந்தும். அலைவரியின் சொற்கள் தமிழறிந்தவர் கண்ணால் படிப்பவை. நான் தந்த பட்டியலில் குறில் நெடில் மோதுவது அ, ஆ என்ற ஓர் இணையில் மட்டுமே. ல் முடிவையும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இனி அசை. ஓர் அசை என்பது ஒரு மெய்யும் ஓர் உயிரும். சொல்லின் முதலில் மட்டும் மெய் இல்லாமல் உயிர் தனித்து நிற்கலாம். அசையின் இறுதியில் ன் வரலாம். ஆனால் அடுத்த ஒலி க அல்லது த ஆக இருந்தால்தான் சொல்லின் நடுவில் அது நிலைக்கும், அப்போது ங்க, ந்த என்று இனமாகும். ல் சொல்லின் கடைசியில் மட்டுமே வரும். வேறு மெய் எதிலும் அசை முடியாது. இரட்டித்த மெய்யும் கிடையாது. இவற்றோடு மூன்று தடைகள்: ர சொல்முதலில் வராது, யி வராது, வு வராது. கடைசி இரண்டும் விசித்திரமானவை அல்ல. உயிரும் அதற்கு நெருங்கிய அரையுயிரும் ஒட்டி நிற்பதைப் பல மொழிகள் தவிர்க்கின்றன. இன்றைய ஜப்பானிய மொழியின் ஒலி வரிசையிலும் அந்த இரண்டு கட்டங்கள் காலியாகவே உள்ளன.

இது போதுமா என்று எண்ணிப் பார்த்துவிடலாம். சொல்முதலில் ர நீங்கலாக 7 மெய்களும் 5 உயிர்களும் சேர்ந்து 35. யி, வு போக 33. தனி உயிர்கள் 5 சேர்ந்தால் 38. இரண்டாம் இடத்தில் 40லிருந்து 2 போக அதே 38. ஈரசைச் சொற்கள் மட்டுமே 38 பெருக்கல் 38, அதாவது 1,444. இறுதி ன், ல் இரண்டையும் இதில் சேர்க்கவே இல்லை. உங்களுக்கு வேண்டியது 60. ஆகவே பிடிக்காதவற்றைத் தாராளமாகத் தள்ளலாம்.

பழைய ஆசிரியர் எழுதியது:

இப்போது கேள்வி விளங்கிவிட்டது. எழுத்தாணி பேசுவதெல்லாம் நம் இலக்கணத்தில் மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து, மெய்ம்மயக்கம் என்ற தலைப்புகளில் இருப்பவையே. க, ச, த, ப ஆகிய மெய்கள் தம்மோடு மட்டுமே மயங்கும். ர், ழ் தம்மோடு மயங்கா, பிறவற்றோடு மட்டுமே மயங்கும். இப்படித் தொல்காப்பியம் வகுத்திருப்பதைத் திறந்துவைத்துக்கொண்டால் கற்பனை மொழிக்கு எந்தெந்தக் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அயற்சொல் விதிக்குள் வரும்போது என்ன ஆகும் என்பதற்கும் நல்ல சான்று உண்டு. லக்ஷ்மணன் தமிழில் இலக்குவன் ஆகிறான். ல முதலில் வராது என்பதால் இ முன்னே சேர்ந்தது. க்ஷ் தமிழில் இல்லாததால் க்கு ஆயிற்று. ம இடத்தில் வ வந்தது. அடையாளம் தெரிகிறது, ஆனாலும் சொல் தமிழாகிவிட்டது. பழைய பெயர்களைத் தூக்கி எறியாமல் இதே வழியில் உங்கள் விதிகளுக்குள் செலுத்திப் பாருங்களேன்.

அலைவரி எழுதியது:

செய்து பார்த்தேன் ஐயா. ஸ்ரெங்கால் என்பதில் ஸ் போயிற்று. ர முதலில் நிற்க முடியாததால் இ சேர்ந்தது. எ இல்லாததால் ஏ ஆனது. இரேங்கால் என்று வந்தது, ங்கவும் இறுதி ல் ஒலியும் சட்டத்துக்கு உட்பட்டவையே. மோவியா, ஓ இல்லாததால் முவியா ஆனாள். துக்ரித் என்பதில் க்ர உடைந்து நடுவில் முன்னசையின் உகரமே மீண்டும் வந்து, இறுதி த் கெட்டு, துகுரி. இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது முதன்முறையாக அவர்கள் ஒரே ஊர்க்காரர்களாகத் தெரிந்தார்கள்.

எல்யான் தொல்லை தந்தது. நடுவில் ல் நிற்க முடியாது என்பதால் உயிர் ஒன்றைச் சேர்த்து ஏலியான் என்று வைத்தேன். வேற்றுக்கிரகவாசியைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லாகவே அது ஒலித்ததால் ஏலயான் என்று மாற்றிவிட்டேன். பௌஷ் என்பதில் விதிக்குள் நுழைத்த பிறகு எதுவும் மிஞ்சவில்லை. நிலவுக்குப் புதிதாக லுவே என்று வைத்திருக்கிறேன்.

குறியீட்டாளன் எழுதியது:

விதிகள் இவ்வளவு தெளிவாக இருந்தால் கணினியிடமே கொடுத்துவிடலாம். மெய் தொடங்கும் ஈரசைச் சொற்களுக்கு மட்டும் ஒரு சிறு நிரல்:

```python
import random as r
mey  = "லமநகதரவய"
edai = [6, 5, 4, 4, 3, 3, 2, 1]
uyir = ["", "\u0BBE", "\u0BBF", "\u0BC1", "\u0BC7"]

def asai(mudhal):
    while True:
        c = r.choices(mey, edai)[0]
        v = r.choice(uyir)
        if mudhal and c == "ர": continue
        if c + v in ("யி", "வு"): continue
        if not mudhal and c == "ந": c = "ன"
        return c + v

for _ in range(40):
    print(asai(True) + asai(False))
```

`edai` என்பது எடை. எல்லா மெய்களுக்கும் ஒரே வாய்ப்பைக் கொடுத்தால் வரும் பட்டியல் விதிக்கு உட்பட்டதாக இருந்தும் உயிரற்றுத் தோன்றும். இயற்கை மொழி எதிலும் ஒலிகள் சம அளவில் வருவதில்லை. ல, ம அடிக்கடியும் ய அரிதாகவும் வரும்படி வைத்திருக்கிறேன். எண்களை மாற்றினால் மொழியின் குணமும் மாறும். ந சொல்முதலிலும் ன மற்ற இடங்களிலும் வருவது எழுத்து மரபுக்காக, ஒலி ஒன்றுதான்.

இந்த நிரலை நீட்டுபவர்கள் சொல்லின் நீளத்தை `len` கொண்டு அளக்காதீர்கள். லுவே நமக்கு இரண்டு எழுத்து. உயிர்க்குறிகளைத் தனியாக எண்ணுவதால் பைத்தானுக்கு அது நான்கு.

எழுத்தாணி எழுதியது:

எடை வைத்தது நல்ல முடிவு. ஆனால் நிரல் தருவது மூலப்பொருள் மட்டுமே. 40 சொற்களில் தமிழாகவோ மலாயாகவோ ஒலிப்பவற்றைக் கையால்தான் களைய வேண்டும். மாமா, மாலா, மலை போல் ஒலிக்கும் மலே, எல்லாமே அந்தப் பட்டியலில் வந்து நிற்கும்.

அதைவிட முக்கியமானது சொற்கள் சேரும் இடம். ஊர்ப்பெயர்கள் எல்லாம் கூட்டுச்சொற்களாகத்தான் இருக்கும். கிவா என்றால் தீவு, வனேல் என்றால் காற்று, முயேன் என்றால் அரசி, அமு என்றால் கரை என்று வைத்துக்கொள்வோம். முயேன் கிவா சேர்ந்தால் ன் இனமாகி முயேங்கிவா. முயேன் லுவே சேர்ந்தால் ல முன்னால் ன் நிலைக்காது, முயேலுவே. வனேல் கிவா சேர்ந்தால் ல் சொல்லின் நடுவில் நிற்க முடியாமல் கெட்டு வனேகிவா. ஆனால் வனேல் அமு சேர்ந்தால் ல் அடுத்த உயிரில் ஏறிப் பிழைத்துக்கொள்கிறது, வனேலமு. நான் ல் முடிவை வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். வனேகிவா, வனேலமு என்ற இரண்டு ஊர்ப்பெயர்களையும் வெவ்வேறு அத்தியாயங்களில் காணும் கூர்மையான வாசகர், யாரும் சொல்லாமலே இங்கே ஒரு விதி வேலை செய்கிறது என்று உணர்வார். பிரெஞ்சு மொழியில் தனியாகச் சொல்லும்போது மறைந்திருக்கும் இறுதி மெய், பின்னால் உயிர் வந்தால் வெளிப்படுவது இந்த வகைதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. வனே என்று வேறொரு சொல்லையும் நீங்கள் வைத்திருந்தால், வனேகிவா எதிலிருந்து வந்தது என்று தெரியாது. ஆகவே இறுதி ன், ல் மட்டுமே வேறுபாடாக உள்ள இரட்டைச் சொற்களைப் பட்டியலில் விடாதீர்கள்.

நிலாமுற்றம் எழுதியது:

கூட்டுச்சொல்லில் எனக்கு ஓர் ஐயம். கிவா தனியாக இருக்கும்போது வன்மையான க. வனேகிவா என்று எழுதினால் அது மென்மையாகிவிடுகிறதே? தீவு என்ற சொல்லை வாசகர் எப்படி அடையாளம் காண்பார்? தமிழில் செய்வதைப் போல வனேக்கிவா என்று க் மிகுத்து எழுதலாமே.

எழுத்தாணி எழுதியது:

எழுதலாம், ஆனால் இரட்டித்த மெய் கிடையாது என்ற விதி உடையும். அதுமட்டுமன்றி, வல்லினம் மிகும் இடம் தமிழ்ப் புணர்ச்சியின் கையெழுத்து. வாசகர் உடனே அதைத் தமிழ்க் கூட்டுச்சொல்லாகப் படிப்பார். கண்ணுக்கு எழுத்து மாறவில்லை, காதுக்கு மட்டுமே மாறுகிறது என்பதால் நான் மென்மையாகவே விட்டுவிடுவேன்.

தாயக்கட்டை எழுதியது:

எங்கள் மேசையில் காதுதான் எல்லாம். நான் நிலாமுற்றம் பக்கம்.

அலைவரி எழுதியது:

இதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. வேறொன்று கேட்கிறேன். கதையில் தமிழ் வணிகர்கள் இந்தத் தீவுகளுக்கு வருகிறார்கள். கப்பல் என்ற சொல்லைத் தீவு மக்கள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதாகக் காட்ட விரும்புகிறேன். மலாய் மொழி அதைக் கபால் என்றும், கட்டிலைக் காதில் என்பதை ஒத்த ஒலியோடும் எடுத்துக்கொண்டபோது இரட்டித்த மெய்யை விட்டுவிட்டது அல்லவா? என் மொழியிலும் இரட்டிப்பு கிடையாது, ப கிடையாது. ப இடத்தில் வ வைத்தால் கவல் என்று வருகிறது. விதிகள் தாமாகவே தந்த சொல் என்பதால் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பழைய ஆசிரியர் எழுதியது:

சொல் நன்று. ஆனால் அதை ஒரு தமிழ்த் தொடரில் வைத்துப் பாருங்கள் அம்மா. "மாலுமி தன் கவலைக் கரையில் கட்டினான்." கப்பலைக் கட்டினானா, மனக்கவலையைக் கட்டினானா?

பெயரைத் தனியாகச் சோதிப்பது போதாது. தமிழ்க் கதையில் அது வேற்றுமை உருபு ஏற்றுத்தான் நடமாடும். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் ஐ, ஆல், கு, இல் சேர்த்துச் சோதிக்க வேண்டும். அப்படிச் சோதித்தால் இன்னும் இரண்டு சிக்கல்கள் தெரியும். நெடிலை அடுத்தோ பல எழுத்துகளை அடுத்தோ கு, து என்று முடியும் பெயர் குற்றியலுகரமாகிவிடும். லாகு என்று ஒருவனுக்குப் பெயரிட்டால் லாகை, லாகால் என்று உகரம் மறைந்து பெயரே சிதைந்துபோகும். லாமு என்றால் லாமுவை, லாமுவால் என்று பெயர் முழுமையாக நிற்கும். எனவே கு, து இறுதியைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

மற்றொன்று ஏ இறுதி. இகரத்தின் பின் யகரம், உகர ஆகாரங்களின் பின் வகரம் என்பதில் ஐயமில்லை. ஏகாரத்தின் பின் இரண்டும் வரலாம் என்பது நன்னூல் விதி. லுவேயை என்று ஓர் அத்தியாயத்திலும் லுவேவை என்று வேறோர் அத்தியாயத்திலும் எழுதிவிடாமல், ஒன்றை இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். என் காதுக்கு லுவேயை நன்றாக இருக்கிறது.

குறியீட்டாளன் எழுதியது:

உருபு ஏற்ற வடிவங்களையும் நிரலே அச்சிடும்படி செய்து, தமிழ் அகராதிச் சொற்பட்டியல் ஒன்றோடு ஒப்பிட்டால் கவலை போன்றவற்றில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே பிடித்துவிடலாம். இரண்டு பட்டியல்களும் ஒரே ஒருங்குறி வடிவில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒகர ஓகாரக் குறிகளைச் சில கோப்புகள் இரண்டு துண்டுகளாகச் சேமித்திருக்கும். அகராதியின் அந்தச் சொற்கள் உங்கள் ஒப்பீட்டில் தப்பிவிடும். உங்கள் மொழியில் ஓ இல்லை என்பதால் உங்களுக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் சொல்லோடு ஓடு உருபு சேரும்போதுதான்.

எழுத்தாணி எழுதியது:

கவல் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. இரவலாக வரும் ல் இறுதிச் சொற்களுக்கு மட்டும் ஓர் உகரம் சேரும் என்று வைத்தால் கவலு, கவலுவை, கவலுவில் என்று வரும். கடன்சொற்களுக்குத் தனி விதி இருப்பது எந்த மொழியிலும் இயல்புதான்.

பழைய ஆசிரியர் எழுதியது:

அப்படியானால் வனேல் சொல்லுக்கு ஏன் உகரம் சேரவில்லை என்று வாசகர் கேட்பாரே? 60 சொற்களில் கடன்சொல் மூன்றோ நான்கோதான் இருக்கும். மூன்று சொற்களுக்காக ஒரு விதியா? அதற்குப் பேசாமல் ப இடத்தில் ம வைத்துக் கமல் என்று… வேண்டாம், அதற்கும் வேறு நினைவு வரும்.

அலைவரி எழுதியது:

ஐயா, கமல் நிச்சயமாக வேண்டாம்.

இப்போதைக்கு இப்படி முடிவு செய்திருக்கிறேன்: கு, து இறுதிகளுக்குத் தடை, ஏகாரத்தின் பின் எப்போதும் யகரம், இறுதி மெய் மட்டுமே வேறுபடும் இணைகளுக்கு இடமில்லை. கப்பல் கவலுவாகவே இருக்கட்டும். அடுத்த இரண்டு அத்தியாயங்களில் வரும் கடன்சொற்களையும் அதே விதியில் செலுத்திப் பார்த்துவிட்டு, அந்த விதியை வைத்திருப்பதா என்று சொல்கிறேன். வனேகிவாவா, வனேக்கிவாவா என்பதற்கு இன்னும் விடை இல்லை. அந்தத் தீவுக்கு மாலுமி துகுரி ஏழாம் அத்தியாயத்தில்தான் போய்ச்சேருகிறான் என்பதால் அதுவரை உங்கள் வாதங்களைத் தொடரலாம்.

நிலாமுற்றம் எழுதியது:

துகுரி தன் தீவின் பெயரைத் தானே உரக்கச் சொல்லும் காட்சி ஏதும் உண்டா? இருந்தால் வனேக்கிவா என்பதற்கு இன்னொரு வாக்கு.